பழைய கணக்கைக் கேட்கும் போன்

எங்கள் செல்போன் ரிப்பேர் கடையில் ஒரு நாளைக்கு முப்பது பொய்யாவது சொல்வோம். போனை இன்னும் பிரிக்கவே இல்லை என்றாலும் "நாளைக்குச் சாயங்காலம் ரெடி" என்போம். எந்த டிஸ்பிளேயாக இருந்தாலும் "ஒரிஜினல்தான்" என்போம். தண்ணீருக்குள் போய் மூன்று நாள் கிடந்த போனைப் பார்த்து, "வாய்ப்பு இருக்கு" என்போம். முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். உள்ளறையில் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, சூடான காற்றுக் குழாயால் போர்டைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். முன்னால் கண்ணாடி மேசையில் நான். யாராவது அதட்டிப் பேசினால் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் அண்ணன் எனக்கு மென்பொருள் வேலையைக் கொடுத்திருந்தார். கணக்கு, பாஸ்வேர்டு, புதுப்போனுக்குப் படங்களை மாற்றுவது, இந்த மாதிரி.

அந்த ஆள் முதல் தடவை வந்தது ஒரு வியாழக்கிழமை. சட்டைக் கையை அளந்து மடித்திருந்தார். கார்ச் சாவியால் கண்ணாடி மேசையை டொக் டொக்கென்று தட்டினார்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் திறந்து விடு. ரெண்டு நிமிஷ வேலை."

நல்ல போன். கீறல்கூட இல்லை. மொழியும் வைஃபையும் கேட்டு முடித்து, நடுவில் நின்றுபோயிருந்தது. 'இந்தச் சாதனம் ரீசெட் செய்யப்பட்டுள்ளது. தொடர, முன்பு இதில் இருந்த கணக்கில் உள்நுழையவும்' என்று கேட்டது. கீழே, பழைய பேட்டர்னைப் போடவும் ஒரு வழி காட்டியது.

"யார் சார் ரீசெட் பண்ணினது?"

"நான்தான். பவர் பட்டனையும் சவுண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பண்ணேன். வீடியோவுல அப்படித்தான் காட்டினான். எல்லாம் அழிஞ்சது. ஆனா இப்ப இது யாரோட கணக்கையோ கேக்குது."

"செட்டிங்ஸ் வழியாப் போயிருந்தா முதல்லயே பேட்டர்ன் கேட்டிருக்கும் சார். சொந்தக்காரங்கதான் அழிக்கறாங்கன்னு அதுக்குத் தெரியும். வெளியில இருந்து பட்டனை அமுக்கி அழிச்சா, யாரோ திருடிட்டுப் போய் அழிக்கறாங்கன்னு எடுத்துக்கும். படம், நம்பர் எல்லாம் போயிடும். ஆனா எந்தக் கணக்கு இருந்துச்சுங்கற அடையாளம் மட்டும் தனியா ஒரு இடத்துல இருக்கும். அது ரீசெட்ல போகாது. அந்தக் கணக்கைக் காட்டினாத்தான் உள்ள விடும்."

"அப்ப நான் திருடனா?"

"நாங்க சொல்லல சார். போன் சொல்லுது," என்றார் அண்ணன் உள்ளே இருந்து, தலையைத் தூக்காமலே.

அவர் சிரிக்கவில்லை. "என் பொண்டாட்டி போன். என் காசுல வாங்கினது. எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, உடைச்சுக் குடுங்க."

அண்ணன் சுவரைக் காட்டினார். அங்கே அவரே எழுதி ஒட்டிய தாள் இருந்தது: பழைய கணக்கு கேட்கும் போனை, பில்லோ சொந்தக்காரரோ இல்லாமல் தொடமாட்டோம். போன வருஷம் ஒரு போனைக் குறுக்கு வழியில் திறந்து கொடுத்தார். அது ஒரு ஆசிரியையிடம் பறித்த போன். அதற்காக ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வந்ததும் இந்தத் தாளைத்தான் ஒட்டினார்.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பழைய பேட்டர்ன் தெரிந்தால் போடலாம். இல்லாவிட்டால் கணக்கின் முகவரியும் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டு மறந்திருந்தால் கணக்குக்கு உரியவர் வந்து மீட்டுக்கொள்ளலாம், ஓடிபி எண் அவருடைய நம்பருக்குத்தான் வரும். இது எதுவும் முடியாவிட்டால் வாங்கின பில்லையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். அவர்கள் சரிபார்த்து எடுத்துக் கொடுப்பார்கள்.

"பில்லா? வாங்கி ரெண்டு வருஷமாச்சு. அது எந்த டப்பாவுல கிடக்கோ." சாவியைச் சுழற்றினார். "சரி. அவளையே வரவைக்கறேன். வருவா."

கடைசி வார்த்தையைச் சொன்ன தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. ரசீதில் 'கணக்கு பூட்டு' என்று மட்டும் எழுதினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் மனைவி, அந்த அக்கா, முதலில் உள்ளே வந்தார். கையில் ஒரு பட்டன் போன், ஒரு துணிப்பை. அந்த ஆள் வெளியே காரை நிறுத்திக்கொண்டிருந்தார். எங்கள் கடைக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் தெரு தெரியும், வெளியே இருந்து உள்ளே தெரியாது. காரின் பின் சீட்டில் ஒரு பெண்ணும், அவள் மடியில் நாலு வயதுப் பிள்ளையும் இருந்தார்கள்.

"என் பொண்ணு," என்றார் அந்த அக்கா. "பக்கத்துல இருக்கறது என் நாத்தனார். இந்தப் போனை அவங்களுக்குத்தான் குடுக்கப் போறாராம்." கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார். "போன் திறந்ததும் பத்து நிமிஷம் பிள்ளையைக் கையில குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். பார்த்து நாப்பத்திமூணு நாள் ஆச்சு. கொஞ்சம் சீக்கிரம் பண்ணிடும்மா."

பையைத் திறந்து ஒரு ஜோடி சின்ன ஷூவைக் காட்டினார். சிவப்பு. "நாலு வயசுக்கு இந்த அளவு சரியா இருக்கும் இல்ல?"

எனக்குத் தெரியவில்லை. இருக்கும் என்றேன்.

"வக்கீலைப் பார்த்தியாம்மா?" என்று அண்ணன் கேட்டார். அவர் அப்படி யாரையும் கேட்பதில்லை.

"பார்த்தாச்சு அண்ணா. அடுத்த மாசம் தேதி. அதுவரைக்கும் இவரா மனசு வச்சாத்தான்."

கதவு திறந்தது. அந்த அக்காவின் பேச்சு பாதியில் நின்றது.

"என்ன, கதை முடிஞ்சுதா? போன் முடிஞ்சுதா?" என்றார் அவர்.

முதலில் பேட்டர்ன். போனை அந்த அக்கா பக்கம் திருப்பி வைத்தேன். விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். தவறு. இன்னொன்று. அதுவும் தவறு. ஐந்தாவது தவறியதும், முப்பது விநாடி காத்திருக்கும்படி சொன்னது.

"எதைப் போட்டேன்னே தெரியலம்மா. அன்னைக்குக் காலையிலதான் மாத்தினேன். பாத்ரூமுக்குள்ள நின்னுகிட்டு. கை நடுக்கத்துல ஏதோ இழுத்தேன்."

"எதுக்கு மாத்தினேன்னு கேளு பாப்பா," என்றார் அவர் என்னிடம். "புருஷன் பார்க்கக் கூடாத அளவுக்கு அதுல என்ன இருந்துச்சுன்னு கேளு. கேட்டதுக்குச் சொல்லல. அதான் மொத்தமா அழிச்சேன். இப்ப பாரு, ஊருக்கே பூட்டுப் போட்டவ தன் சாவியை எங்க வச்சோம்னு முழிக்கறா."

அன்று போனை இவர் பிடுங்குவதற்குள் அந்த அக்கா சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்தது பாஸ்வேர்டு. முகவரியைச் சரியாகச் சொன்னார். பாஸ்வேர்டு கேட்டதும் நின்றுவிட்டார். "பிள்ளை பேரு... அதுக்கப்புறம் ஏதோ நம்பர்..."

"சட்டுனு சொல்லு. அங்க பிள்ளை வெயில்ல உட்கார்ந்திருக்கு." சாவி கண்ணாடியில் டொக் டொக்கென்றது.

"ஞாபகம் வரல."

இந்த இடத்தில் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. பாஸ்வேர்டு மறந்தவருக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்துவிடுவோம். என்னென்ன வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறதோ எல்லாவற்றையும் எழுதச் சொல்வோம். தண்ணீர் கொடுப்போம். பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கை எழுதும்போது ஞாபகம் வந்துவிடும். அதுவும் வராவிட்டால்தான் பாஸ்வேர்டை மாற்றுவோம். ஏனென்றால் புதிதாக மாற்றிய பாஸ்வேர்டை, ரீசெட் ஆகிப் பூட்டிக்கொண்ட போன் உடனே ஏற்காது. ஒரு நாள் முழுக்கக் காக்கவைக்கும். அதுவும் திருடனுக்காகத்தான். போனைப் பறித்தவன் மிரட்டிப் பாஸ்வேர்டை மாற்றினாலும், சொந்தக்காரருக்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கட்டும் என்று.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நானே எழுதி மேசைக்கடியில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் டொக் டொக். அந்த அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்க்கிறார். பிள்ளை கார் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் பண்ணிடும்மா என்றாரே. என் விரல் பழக்கத்தில் கடைப்போனில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதைத் தொட்டது. நம்பரைக் கேட்டது. கொடுத்தேன். பட்டன் போனில் டிங் என்று ஓடிபி வந்தது. அந்த அக்கா ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். புதுப் பாஸ்வேர்டு கேட்டது. அவர் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வந்தது. தானே போட்டார், இரண்டு தடவை. மறக்காமல் இருக்க ரசீதின் பின்பக்கம் எழுதியும் வைத்தார்.

பூட்டிய போனில் முகவரியைப் போட்டேன். புதுப் பாஸ்வேர்டைப் போட்டேன். வட்டம் சுற்றியது. கடவுச்சொல் சமீபத்தில் மாற்றப்பட்டதால் இந்தக் கணக்கை இப்போது பயன்படுத்த முடியாது, இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பிறகு முயலவும் என்று வந்தது.

"என்ன?" என்றார் அவர்.

சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாள் கொடுத்தாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"நாளைக்கு இதே நேரம் தாண்டினா திறந்துரும் சார்," என்றார் அண்ணன். "நடுவுல திரும்பவும் பாஸ்வேர்டை மாத்தக் கூடாது. மாத்தினா மறுபடி முதல்ல இருந்து எண்ணும்."

"சரி. நாளைக்கு வரேன்." போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "கிளம்பறேன்."

"பிள்ளை," என்றார் அந்த அக்கா.

"போன் திறந்ததும்னுதானே பேச்சு? திறந்துச்சா?"

"நான் என்னங்க பண்ணுவேன். கேட்டதெல்லாம் குடுத்தேனே. அஞ்சு நிமிஷம். கார்லயே வச்சுப் பார்த்துட்டுப் போறேன்."

"திறந்துச்சான்னு கேட்டேன்."

"இல்ல."

"அப்புறம்?" கதவைத் திறந்தவர் நின்று, அண்ணனிடம் நல்லவிதமாகச் சிரித்தார். "பேச்சுன்னா பேச்சா இருக்கணும் இல்லைங்களா?"

அந்த அக்கா பின்னாலேயே ஓடவில்லை. ஓடினால் நாளைக்கும் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளேயே நின்று பார்த்தார். பிள்ளை நேராக எங்கள் கடையைப் பார்த்துக் கையை ஆட்டியது. கண்ணாடியில் தெரிந்த தன் நிழலுக்குத்தான் ஆட்டியிருக்க வேண்டும். கார் போய்விட்டது.

அவருக்குத் தண்ணீர் கொடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தேன். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார். "பிள்ளை பேரு, அது பிறந்த நேரம். நாலு இருபது. அதான் பழைய பாஸ்வேர்டு."

ஐந்து நிமிஷம்.

"மன்னிச்சிருங்க அக்கா. உங்களை முதல்லயே உட்காரவச்சு எழுதச் சொல்லியிருக்கணும். என் தப்பு."

"நீ என்னம்மா பண்ணுவே. அவர் பக்கத்துல நின்னா எனக்கு என் பேரே மறந்துடும்."

அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எதையாவது செய்ய வேண்டும் என்று, கடைக் கம்ப்யூட்டரில் அவருடைய கணக்கைத் திறந்து கொடுத்தேன். காத்திருக்கச் சொன்னது அந்தப் போனுக்கு மட்டும்தான், மற்ற இடங்களில் புதுப் பாஸ்வேர்டு உடனே செல்லும். அவர் சேமித்திருந்த நம்பர்கள் வந்தன. படங்களைத் திறந்தேன். வெறுமை. ஒரு படம்கூட இல்லை.

"பிள்ளை படம் ஆயிரத்துக்கு மேல இருக்குமேம்மா. முதல் பல்லு, முதல் நடை, எல்லாம்."

"பேக்கப் போட்டிருந்தீங்களாக்கா?"

"நெட்டு தீருதுன்னு அவர்தான் நிறுத்தி வச்சார்."

போனில் இருந்தது போனோடு போய்விட்டது. அழித்ததை இனி எந்தக் கடையும் எடுக்க முடியாது. பூட்டு அதற்குள் எதையும் காத்து வைத்திருக்கவில்லை. வெறும் வீட்டுக்குத்தான் பூட்டு. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். அவர் ஷூப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் திறந்துரும் இல்ல?" என்றார்.

"கண்டிப்பா அக்கா."

மறுநாள் ஞாயிறு. அரை நாள் கடை. அந்த அக்கா ஒன்பது மணிக்கே வந்து ஷட்டர் ஏற்றும்வரை வெளியே நின்றார். பத்து, பதினொன்று. பெஞ்சில் உட்கார்ந்தபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டு என்று நினைத்தேன்.

பன்னிரண்டுக்கு அந்த ஆள் வந்து போனை மேசையில் வைத்தார். வெளியே பார்த்தோம். கார் காலியாக இருந்தது.

"பிள்ளை எங்கங்க?"

"தூங்குது. முதல்ல திற. சாயங்காலம் கூட்டிட்டு வரேன்."

அந்த அக்கா எழுந்து நின்றார். குரல் நடுங்கவில்லை.

"பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. கையில குடுங்க. அப்ப போடறேன். இல்லன்னா அந்தப் போன் கல்லுதான். நீங்களும் திறக்க முடியாது, உங்க தங்கச்சியும் திறக்க முடியாது."

உள்ளறையில் காற்றுக் குழாய் நின்றது. அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படித்தான் அக்கா, விடாதீங்க என்று மனதுக்குள் சொன்னேன்.

அந்த ஆள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார்.

"ஒரு நாள் டைம் குடுத்தீங்க இல்ல. ராத்திரி பரணை முழுக்கக் கொட்டித் தேடினேன். மிக்ஸி டப்பாவுக்குள்ள இருந்துச்சு. பாப்பா, நீ அன்னைக்குச் சொன்னியே பில். இது செல்லுமா?"

பில்லை எடுத்தேன். அதில் போனின் பதினைந்து இலக்க எண் அச்சாகியிருந்தது. அவசர அழைப்புப் பக்கத்தைத் திறந்து *#06# என்று அழுத்திப் போனின் எண்ணை வரவழைத்தேன். ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். ஏதாவது ஒன்று மாறியிருக்கட்டும், ஒரே ஒன்று போதும் என்று பார்த்தேன். பதினைந்தும் சரியாக இருந்தன. பில்லில் பெயர் அந்த ஆளுடையது. கடை முத்திரை, தேதி, எல்லாம் தெளிவாக இருந்தன.

"சொல்லு. செல்லுமா, செல்லாதா? இவ இல்லாம கம்பெனியில எடுத்துக் குடுப்பானா?"

அந்த அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தார்.

செல்லாது சார் என்று சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷம் தாண்டினால் பில் செல்லாது, கணக்குக்கு உரியவரும் கையெழுத்துப் போட வேண்டும், புதன்கிழமை மட்டும்தான் பில்லைப் பார்ப்பார்கள். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் நம்பினால் போதும். போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்திருப்பார். அதற்கு முன்தான் ஒரு பாட்டியம்மாவிடம், எங்கோ தயாரான பேட்டரியைக் காட்டி, "கம்பெனி பேட்டரிதான்மா" என்று கண் சிமிட்டாமல் சொல்லியிருந்தேன்.

சாவி கண்ணாடியில் தட்டியது.

"செல்லும் சார்," என்றேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் அவர் அந்த அக்காவிடம்.

அதன் பிறகு நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த அக்கா போனை நோக்கிக் கையை நீட்டினார். "இருங்க, நான் போடறேன். இப்பவே போடறேன். எனக்கு ஞாபகம் இருக்கு. சாயங்காலமே கூட்டிட்டு வாங்க, நாளைக்குக்கூடப் பரவாயில்லை." ரசீதைத் திருப்பி அதிலிருந்த எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினார். "இதோ பாருங்க, இதோ."

அந்த ஆள் போனை எடுத்துத் தன் பைக்குள் விட்டார்.

"வேண்டாம்."

"ஒரு நிமிஷ வேலைங்க."

"கம்பெனியில வரிசையில நிக்கறேன். ஒரு வாரம் ஆனாலும் நிக்கறேன். உன் கை பட்டுத் திறக்க வேண்டாம்." போகும்போது பெஞ்சில் இருந்த துணிப்பையை விரலால் விலக்கிப் பார்த்தார். ஷூவில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து அளந்தார்.

"சின்னது," என்றார். "அவ கால் வளர்ந்துருச்சு." அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் காற்றுக் குழாயைப் போட்டார்.

அந்த அக்கா ஷூவின் மேல் பட்டிருந்த தூசியைத் தட்டிப் பைக்குள் வைத்தார். ரசீதை மடித்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஏம்மா, இந்தப் பாஸ்வேர்டை இனிமே நான் ஞாபகம் வச்சுக்கணுமா?"